ஆண்டு முழுதும் நிறம் குன்றாத சிறு பால்கனி: பலநிறம், ஒருநிறம், எதிர்நிறம் ஓர் ஒப்பீடு

ஆறேழு தொட்டிகளுக்கு மட்டுமே இடமுள்ள ஒரு பால்கனிக்குச் செடி வாங்க நாற்றுப்பண்ணைக்குச் செல்பவர், எல்லாச் செடிகளும் ஒரே நாளில் பூத்து நிற்கும் காட்சியைப் பார்த்துத்தான் நிறங்களைத் தேர்ந்தெடுக்கிறார். பூவோடு இருக்கும் செடிதான் விற்பனைக்கு முன்வரிசையில் வைக்கப்படும் என்பதால் அந்தக் காட்சி இயல்பானதே. ஆனால் வீட்டுக்கு வந்த சில வாரங்களில் ஒவ்வொரு செடியும் தன் பருவத்துக்குத் திரும்பிவிடும். தோட்டம் ஆண்டு முழுதும் உயிர்ப்புடன் தெரிய வேண்டுமானால், எந்த நிறத்தோடு எந்த நிறம் பொருந்தும் என்று பார்ப்பதற்கு முன்பாக, தேர்ந்தெடுத்த நிறத்தில் எத்தனை தொட்டிகள் எந்த ஒரு நாளிலும் பூத்திருக்கும் என்பதைக் கணக்கிட வேண்டும்.

இந்தக் கணக்கு மிக எளிது. ஆறு தொட்டிகளில் ஆறு நிறங்களை வைத்து, ஒவ்வொரு செடியும் ஆண்டில் நான்கு மாதங்கள் பூப்பதாகக் கொண்டால், சராசரியாக ஒரு நாளில் பூத்திருப்பவை இரண்டு தொட்டிகள் மட்டுமே. அந்த இரண்டும் எவை என்பதை நாம் முடிவு செய்வதில்லை. ஒரு மாதம் மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்து நன்றாக இருக்கும், அடுத்த மாதம் மஜந்தாவும் ஆரஞ்சும் அருகருகே நின்று கண்ணை உறுத்தும். அதே ஆறு தொட்டிகளில் ஒன்பது மாதங்கள் பூக்கும் செடிகளை இரண்டே நிறங்களில் வைத்தால், ஒரு நாளில் நான்கு அல்லது ஐந்து தொட்டிகள் பூத்திருக்கும். எவை பூத்திருந்தாலும் அவை ஒன்றோடொன்று பொருந்தும். எனவே, கீழே ஒப்பிடப்படும் மூன்று வழிகளையும் இந்த ஒரே அளவுகோலால்தான் நான் மதிப்பிடுகிறேன். இங்கே குறிப்பிடப்படும் செடிகள் உறைபனி விழாத, வெப்பமான சூழலுக்கு உரியவை. குளிர் மிகுந்த இடங்களில் செடிகள் மாறும், நிறம் பற்றிய விதிகள் மாறா.

முதல் வழியான பலநிறத் தோட்டம், பரந்த நிலத்தில் அழகாக இருப்பதற்கும் பால்கனியில் சோபிக்காமல் போவதற்கும் ஒரே காரணம் உண்டு. நிலத்தில் ஒவ்வொரு நிறமும் ஒரு பாத்தி அளவுக்குப் பரவியிருக்கும். தொட்டியில் அது ஒரு கைப்பிடி அளவுதான். சிறு புள்ளிகளாகச் சிதறிய நிறங்கள் சில அடி தூரத்தில் இருந்து பார்க்கும்போது ஒன்றையொன்று மழுங்கடித்து, தெளிவான நிறம் எதுவும் இல்லாத ஒரு கலவையாகத் தெரியும். இந்த வழி வெற்றி பெறுவதும் உண்டு. ஆனால் அதற்கு இரண்டு அல்லது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பூத்து ஓய்ந்த செடிகளை எடுத்துவிட்டுப் புதிய நாற்றுகளை நடுவதற்கு நேரமும் விருப்பமும் இருக்க வேண்டும். அந்த உழைப்பைத் தர முடியாதவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

இரண்டாவது வழியான ஒருநிறத் தோட்டத்தில், ஒரே நிறத்தின் அடர்ந்த சாயலும் வெளிறிய சாயலும் மட்டும் இடம்பெறும். வெண்மையில் தொடங்கி இளஞ்சிவப்பு வழியாக அடர் இளஞ்சிவப்பில் முடியும் வரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எந்தச் செடி எப்போது பூத்தாலும் முரண்பாடு எழாது என்பது இதன் பெரிய நன்மை. நித்தியகல்யாணி ஒன்றிலேயே வெள்ளை, இளஞ்சிவப்பு, நடுவில் சிவப்புப் பொட்டிட்ட வெள்ளை என்று பல வகைகள் கிடைப்பதால், வெப்பச் சூழலில் ஏறத்தாழ ஆண்டு முழுதும் இந்த வரிசையை நிலைநிறுத்திவிடலாம். குறை என்னவென்றால், கண் இதற்கு விரைவில் பழகிவிடுகிறது. ஒரு நிறத்தைத் தொடர்ந்து பார்க்கும்போது அதன் மீதான நம் கூர்மை குறைந்துவிடும் என்பதால், வாங்கிய புதிதில் பளிச்சென்று தெரிந்த இளஞ்சிவப்பு சில வாரங்களில் பின்னணியாகிவிடும். ஆயினும், நேரடி வெயில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவாக விழும் பால்கனிகளுக்கு இதுவே சிறந்த வழி என்பது என் உறுதியான கருத்து. நிழலில் நன்கு பூக்கும் செடிகளான பிகோனியாவும் இம்பேஷன்ஸும் பெரும்பாலும் வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு என்ற வரிசையிலேயே வருகின்றன. அவற்றுக்கு இடையே இலை நிறத்துக்காக ஒரு கோலியஸ் தொட்டியை வைத்தால், பூ ஓயும் வாரங்களிலும் நிறம் எஞ்சியிருக்கும்.

மூன்றாவது வழி எதிர்நிறம். நிறச் சக்கரத்தில் எதிரெதிராக அமையும் இணைகளான மஞ்சளும் ஊதாவும், ஆரஞ்சும் நீலமும் இதில் சேரும். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல், நெசவுச் சாயங்களை ஆராய்ந்து 1839இல் வெளியிட்ட விதி இங்கு நேரடியாகப் பயன்படுகிறது: அருகருகே வைக்கப்படும் இரண்டு நிறங்கள் ஒவ்வொன்றும் மற்றதைத் தன் எதிர்நிறத்தை நோக்கித் தள்ளும். ஆரஞ்சுக்கு அருகில் உள்ள நீலம் மேலும் நீலமாகத் தெரியும், நீலத்துக்கு அருகில் உள்ள ஆரஞ்சு மேலும் ஒளிரும். இரண்டும் ஏற்கெனவே எதிர்நிறங்கள் என்பதால் இந்தத் தள்ளுதல் அவற்றைக் கெடுக்காமல் வலுப்படுத்துகிறது. மஜந்தாவையும் ஆரஞ்சையும் சேர்த்தால் நடப்பது வேறு. அவை சக்கரத்தில் ஓரளவு நெருங்கியவை என்பதால், ஒன்று மற்றதை விலக்கித் தள்ளும்போது மஜந்தா நீலம் கலந்து குளிர்ந்தும், ஆரஞ்சு மஞ்சள் நோக்கி நகர்ந்தும் தெரிய, இரண்டும் தம் இயல்பை இழக்கின்றன. அந்தச் சேர்க்கை தவிர்க்க முடியாததானால், இடையில் ஒரு வெள்ளைப் பூத்தொட்டியை வைத்துப் பிரித்துவிட வேண்டும்.

சில பூக்களே போதும் என்ற நிலையிலும் துலக்கமான தோற்றத்தைத் தருவது எதிர்நிறம்தான். இடம் குறைந்த பால்கனிக்கு இதைவிடப் பயனுள்ள குணம் வேறில்லை. ஆனால் இரண்டு நிறங்களையும் சம அளவில் வைப்பது தவறாகும். ஆரஞ்சு இயல்பிலேயே ஒளி மிகுந்தது, நீலம் அடங்கியது. எனவே ஓவியர்கள் ஒரு பங்கு ஆரஞ்சுக்கு இரண்டு பங்கு நீலம், ஒரு பங்கு மஞ்சளுக்கு மூன்று பங்கு ஊதா என்ற அளவைப் பழைய வழக்கமாகக் கொண்டுள்ளனர். தொட்டிகளில் இதைத் துல்லியமாக அளக்க இயலாது. நீல, ஊதாத் தொட்டிகள் எண்ணிக்கையில் மிகுந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் மனத்தில் கொண்டால் போதும்.

சிவப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் சிவப்புப் பூவின் எதிர்நிறமான பச்சை எப்போதும் அதன் இலையிலேயே இருக்கிறது. பகலில் அது கண்ணைக் கவருவதற்கு இதுவே காரணம். ஆயினும் நடுத்தரச் சிவப்பும் இலைப் பச்சையும் ஒளியளவில் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், நிற வேறுபாடு மறையும் நேரத்தில் பூவே மறைந்துவிடும். வாங்குவதற்கு முன் கைப்பேசியில் ஒரு கறுப்பு-வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தால் இது விளங்கும்: இலைகளுக்குள் பூவைத் தேட வேண்டியிருந்தால், அந்தச் செடி மாலையில் வெறும் புதராகத்தான் தெரியும். சிவப்பு-பச்சை வேறுபாட்டை உணர இயலாத ஒருவர் வீட்டில் இருந்தால், அவருக்குப் பகலிலும் அது அப்படியே தெரியும் என்பதையும் எண்ண வேண்டும்.

இங்கேதான், பெரும்பாலோர் கேட்காமல் விடுகிற கேள்வி வருகிறது: பால்கனியை நீங்கள் எந்த நேரத்தில் பார்க்கிறீர்கள்? வேலைக்குச் செல்லும் வீட்டில் காலையில் சிறிது நேரமும் மாலை மங்கிய பிறகும்தான் அந்தக் கதவு திறக்கப்படும். ஒளி குறையும்போது கண்ணின் உணர்திறன் சிவப்பில் இருந்து நீலம்-பச்சைப் பக்கம் நகர்கிறது. செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கினே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனித்துச் சொன்ன இந்த மாற்றத்தால், பகலில் ஒளிரும் கருஞ்சிவப்பு அந்தியில் முதலில் கறுத்துப்போகும். வெளிர் நீலமும் வெளிர் ஊதாவும் அதன்பிறகும் சிறிது நேரம் ஒளிர்வதுபோல் தெரியும். வெள்ளை கடைசிவரை நிற்கும். அடர் நீலமும் அடர் ஊதாவும் மாலைக்கு உதவா, அவை இருட்டோடு கலந்துவிடும்.

நேரம் பற்றிய இரண்டாவது சிக்கல் பூவே மூடிக்கொள்வது. பட்டுரோஜா என்று பலர் அழைக்கும் பத்துமணிப் பூ நல்ல வெயிலில் மட்டும் விரிந்து பிற்பகலில் சுருங்கிவிடும். நீலப் பூ என்று ஆசையோடு வாங்கப்படும் எவால்வுலஸ், அதாவது விஷ்ணுகிராந்தியின் தோட்ட உறவினம், காலையில் விரிந்து பிற்பகலுக்குள் மூடிவிடும். மாலையில் மட்டுமே பால்கனியில் அமர்பவர் இவற்றை வாங்கினால், அவர் ஆண்டு முழுதும் பார்ப்பது பச்சை இலைகளை மட்டுமே. அந்திமந்தாரை இதற்கு நேர்மாறானது. வெயில் தாழ்ந்தபின் விரிந்து இரவு முழுதும் திறந்திருக்கும். அதன் வெள்ளை, மஞ்சள் வகைகள் மாலைப் பார்வையாளருக்கு மிகப் பொருத்தமானவை.

வெப்பமும் நிறத்தை மாற்றும் என்பது ஆண்டு முழுமைக்குமான தேர்வில் முக்கியமானது. இளஞ்சிவப்பு, சிவப்பு, ஊதா, நீலம் ஆகியவற்றுக்கு அடிப்படையான ஆந்தோசயனின் என்னும் நிறமிகள், மிகுந்த வெப்பத்தில் குறைவாகவே உருவாகின்றன. ஆகவே ரோஜா, சாமந்தி போன்றவற்றின் அடர் இளஞ்சிவப்பு வகைகள் கடும் வெயில் காலத்தில் வெளிறிப் பூப்பதைக் காணலாம். மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் காரணமான கரோட்டினாய்டு நிறமிகள் இந்த அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை. எனவே வெயில் காலத்தின் பொறுப்பை மஞ்சள்-ஆரஞ்சுச் செடிகளிடமும், குளிர்காலத்தின் பொறுப்பை ஊதாச் செடிகளிடமும் கூடுதலாக ஒப்படைப்பது செடியின் இயல்போடு ஒத்துப்போகிறது. எதிர்நிற இணையை நான் விரும்புவதற்கு இது இன்னொரு காரணம்: இணையின் ஒரு பாதி தளரும் பருவத்தில் மறுபாதி செழிக்கும்.

இவற்றை ஒரு குறிப்பான பால்கனியில் பொருத்திப் பார்ப்போம். நீளம் 3 மீட்டர், அகலம் 1 மீட்டர், கிழக்கு நோக்கியது, காலை வெயில் பதினொரு மணி வரை, அதாவது நான்கு அல்லது ஐந்து மணி நேரம் விழும், பின்சுவர் வெளிர் மஞ்சள், வீட்டார் பார்ப்பது காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும். நடமாட இடம் விட்டால் 25 முதல் 30 செ.மீ. விட்டமுள்ள ஏழு தொட்டிகள் வைக்கலாம்.

முதலில் சுவரைப் பார்க்க வேண்டும். வெளிர் மஞ்சள் சுவருக்கு முன் மஞ்சள் பூ எடுபடாது, வெள்ளைப் பூவும் ஓரளவு கரைந்துவிடும். ஆகவே மஞ்சள்-ஊதா இணையை விட ஆரஞ்சு-நீல ஊதா இணையே இங்கு ஏற்றது. வெள்ளைத் தொட்டிகளைச் சுவரோரம் வைக்காமல், வெளிப்புறக் கம்பியின் ஓரத்தில் வைத்தால் அந்தியில் அவை வெளியின் இருளுக்கு எதிரே தெளிவாகத் தெரியும். பத்துமணிப் பூவும் போகன்வில்லாவும் இந்த வெயிலில் முழுமையாகப் பூக்கா; அவை நீங்கும். செம்பருத்தி இடத்தை அடைத்துக்கொள்ளும், அதுவும் நீங்கும்.

எஞ்சும் தேர்வு இது: ஆரஞ்சுக்குக் கனகாம்பரம் இரண்டு தொட்டிகள், நீல ஊதாவுக்கு எவால்வுலஸ் ஒன்று, டிசம்பர் பூ ஒன்று, டோரீனியா ஒன்று, வெள்ளைக்கு நித்தியகல்யாணி இரண்டு. கனகாம்பரம் அரைநிழலையும் தாங்கும், கதிர் கதிராக நீண்ட காலம் பூக்கும். எவால்வுலஸ் காலைப் பார்வைக்கு. டோரீனியாவின் ஊதாப் பூவுக்கு உள்ளேயே ஒரு மஞ்சள் பொட்டு இருப்பதால், அது இரண்டு நிறக் குழுக்களையும் இணைக்கும். அதைக் கண்ணுக்கு மிக அருகில், நாற்காலிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். கனகாம்பரம் இரண்டையும் பால்கனியின் எதிர்க்கோடியில் சேர்த்து வைப்பது நல்லது, ஏனெனில் வெப்ப நிறங்கள் தூரத்திலும் எடுப்பாகத் தெரியும், நீலம் தூரத்தில் பின்வாங்கிவிடும்.

இந்த ஏழும் ஆண்டைக் கடக்கும் விதம் இப்படி இருக்கும். வெயில் காலத்தில் கனகாம்பரமும் நித்தியகல்யாணியும் எவால்வுலஸும் முழு வீச்சில் பூக்கும். டிசம்பர் பூ வெறும் இலையோடு நிற்கும் என்பதால் அதைச் சுவரோரம் பின்னுக்குத் தள்ளிவைக்கலாம். மழைக்காலத்தில் டோரீனியா தன் சிறந்த நிலையில் இருக்கும். அதே ஈரத்தில் நித்தியகல்யாணியின் அடித்தண்டு அழுகத் தொடங்கும். தொட்டி மண் ஈரமாக இருந்தும் கிளைகள் தொய்ந்து, தண்டின் அடிப்பகுதி கருத்தால் அது அழுகலின் அறிகுறி; தண்ணீர் ஊற்றுவது நிலைமையை மோசமாக்கும். மேற்கூரையின் கீழ் நகர்த்தி, மண்ணின் மேற்பகுதி காய்ந்தபிறகே நீர் விட வேண்டும். குளிர் தொடங்கும்போது கனகாம்பரம் மந்தமாகும், டிசம்பர் பூ ஊதாவால் நிறையும். அப்போது ஆரஞ்சு குறைந்துவிடுமே என்ற கேள்விக்கு விடை, டோரீனியாவின் தொட்டிதான். மழைக்காலம் முடிகையில் அது ஓய்ந்துவிடும். அந்த இடத்தில் குட்டை வகை செண்டுமல்லி நாற்றுகளை நட்டால் குளிர்கால ஆரஞ்சு கிடைத்துவிடும். விதையில் இருந்து பூவுக்குச் சுமார் எட்டு வாரங்கள் ஆகும் என்பதால், டோரீனியா இன்னும் பூத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சிறு தட்டில் விதைத்துவிட வேண்டும். ஏழில் ஆறு நிலையானவை, ஒன்று மட்டும் மாறுவது: ஆண்டுக்கு இரண்டு முறை மட்டுமே புதிய நாற்று தேவைப்படும்.

பலநிற வழியில் இதே ஏழு தொட்டிகளை நிரப்பியிருந்தால், ஏறத்தாழ எல்லாத் தொட்டிகளும் டோரீனியாவின் தொட்டியைப் போல மாறிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஒருநிற வழியில், நித்தியகல்யாணியை மட்டுமே ஏழிலும் வைத்தால் உழைப்பு மிகக் குறைவு. ஆனால் மழைக்காலத்தில் அழுகல் வந்தால் முழுத் தோட்டமும் ஒரே வாரத்தில் வெறுமையாகும் அபாயம் உண்டு. நோயும் பருவமும் எல்லாவற்றையும் ஒருசேரத் தாக்காமல் இருப்பதற்காகவாவது ஒரே நிறத்தை இரண்டு இனங்களில் இருந்து பெறுவது நல்லது.

நிறம் இடைவிடாமல் நிற்பதற்குக் கவாத்து செய்யும் முறையும் ஒரு காரணம், அதைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கனகாம்பரத்தின் கதிர் முழுதும் பூத்து முடிந்ததும் அதை அடியில் வெட்டிவிட்டால் பக்கக் கிளைகளில் இருந்து புதிய கதிர்கள் எழும். வெட்டாமல் விட்டால் செடி விதைக்குச் செலவிடும். இதை அறிந்த பலரும் ஒரே நாளில் இரண்டு தொட்டிகளையும் வெட்டிவிட்டு, பல வாரங்கள் ஆரஞ்சு இல்லாத பால்கனியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரே நிறத்தில் இரண்டு தொட்டிகள் வைப்பதன் பயனே அவற்றை மாற்றி மாற்றி வெட்டுவதில்தான் இருக்கிறது: ஒன்றை வெட்டி, அதில் புதிய மொட்டுகள் தெரிந்த பிறகே மற்றதை வெட்ட வேண்டும். நித்தியகல்யாணி தன் வாடிய பூக்களைத் தானே உதிர்த்துவிடும் என்பதால், வெண்மைக்கு அதைத் தேர்ந்தேன். வெள்ளை ரோஜாவிலும் வெள்ளைப் பெட்டூனியாவிலும் வாடிய இதழ் பழுப்பாகச் செடியிலேயே தங்கி, மழைத்துளி பட்ட இடங்களும் கறையாகி, மற்ற நிறங்களில் மறைந்துவிடும் அழுக்கை முழுதாக வெளிக்காட்டும்.

இலையின் நிறமும் இந்தக் கணக்கில் சேரும். காரத்தன்மை மிகுந்த நீரைத் தொடர்ந்து ஊற்றினால் கனகாம்பரத்தின் இளம் இலைகள், நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்க, வெளிறி மஞ்சளாகும். வேர்களால் இரும்பை எடுக்க இயலாததன் அடையாளம் இது. மஞ்சளித்த இலைக்கு மேல் ஆரஞ்சுப் பூ தன் பளிச்சிடலை இழந்துவிடும். இரும்புச் சத்துக் கரைசலை இலைவழித் தெளித்தால் புதிய இலைகள் சில வாரங்களில் பச்சையாகும். மண்கலவையில் மக்கிய இலையுரத்தைக் கூட்டுவது நீண்ட காலத் தீர்வு. தழைச்சத்தை அளவுக்கு மீறிக் கொடுப்பதும் எதிர்த் திசையில் அதே கேட்டைச் செய்யும்: இலை அடர்ந்து, பூ குறையும்.

குளிர்கால நிறத்துக்காகச் செண்டுமல்லிக்குப் பதிலாகச் சாமந்தியைத் தேர்பவர்கள், அதனை இரவில் விளக்கு எரியும் இடத்தில் இருந்து விலக்கிவைக்க வேண்டும். நீண்ட, இடையறாத இருள் கிடைத்தால்தான் சாமந்தி மொட்டு கட்டும். பால்கனி விளக்கு நள்ளிரவு வரை எரிந்தால், அதற்கு நேர் கீழே உள்ள செடி இலையாகவே வளர்ந்துகொண்டிருக்க, ஓரத்து இருளில் உள்ள அதே வகைச் செடி பூத்திருக்கும். விளக்கைத் தவிர்க்க முடியாத வீட்டில் செண்டுமல்லியோ, இருளின் நீளத்தை இவ்வளவு எதிர்பாராத கனகாம்பரமோ தான் ஆரஞ்சுக்கு உரிய தேர்வு.

வெயில் மூன்று மணி நேரத்துக்குக் குறைந்தால் வெள்ளை-இளஞ்சிவப்பு ஒருநிறம்; நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் ஆரஞ்சு-நீல ஊதா இணையோடு வெள்ளை; இருட்டிய பிறகு மட்டுமே பார்ப்பவருக்கு வெயில் எவ்வளவு இருந்தாலும் வெள்ளை, வெளிர் நீலம், அந்திமந்தாரை. முடிவெடுக்கும் முன், விரும்பும் நிறங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளை வெட்டி, தொட்டி வைக்க எண்ணியிருக்கும் இடங்களில் ஒட்டிவிட்டு, காலையிலும் அந்தியிலும் நாற்காலியில் அமர்ந்து பாருங்கள். எந்தத் தாள் சுவரில் கரைகிறது, எது இருட்டோடு போகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும், அதன்பிறகு நாற்றுப்பண்ணைக்குச் செல்லலாம்.